கார்ட்ல விட்டுட்டுப் போனவங்களுக்கு மூணு மெயில் போதும்: ஒரு சேலைக் கடைக்கு மாத்தி எழுதின அனுபவம்

காரைக்குடி கண்டாங்கி காட்டன் சேலை விக்கிற ஒரு சின்ன ஆன்லைன் கடைக்கு மெயில் வேலை பாத்துக் குடுக்குறேன். கடை ஷாப்பிஃபைல ஓடுது, மெயில் க்ளேவியோல போகுது. ஓனர் அக்கா என்கிட்ட வேலையை குடுக்குறதுக்கு முன்னாடி வேற ஒரு ஏஜென்சி செட் பண்ணி வச்சிருந்த அபாண்டன்ட் கார்ட் சீக்வென்ஸ், அதாவது வாங்க வந்து பணம் கட்டாம விட்டுட்டுப் போனவங்களுக்கு தானா வரிசையா போற மெயில், ஓடிட்டு இருந்துச்சு. மொத்தம் ஆறு மெயில். செக்அவுட்ல நின்ன அரை மணி நேரத்துல "மறந்துட்டீங்களா?", மூணு மணி நேரத்துல "உங்க சேலை உங்களுக்காக அழுதுட்டு இருக்கு", மறுநாள் 5% கூப்பன், அடுத்த நாள் 10% கூப்பன், அப்புறம் கவுன்ட்டவுன் டைமரோட "கடைசி வாய்ப்பு", அதுக்கும் அடுத்த நாள் "உண்மையிலேயே கடைசி வாய்ப்பு". நான் சும்மா சொல்லலங்க, சப்ஜெக்ட் லைனே அதான். அந்த டைமர் வேற, எப்ப மெயிலை திறந்தாலும் ரெண்டு மணி நேரத்துல இருந்துதான் ஓட ஆரம்பிக்கும்.

அக்கா சொன்ன புகார் ஒண்ணே ஒண்ணுதான். "தம்பி, பணம் கட்டினவங்களுக்கே மறந்துட்டீங்களான்னு போகுது, அவங்க எனக்கு போன் போட்டு கேக்குறாங்க, நான் என்ன பதில் சொல்றது?"

இந்த ஒரு கேள்வில இருந்துதான் வேலையை ஆரம்பிச்சேன். வார்த்தையை அழகா மாத்துறது எல்லாம் அப்புறம். செக்அவுட் வரைக்கும் வந்தவங்க ஏன் நிக்கிறாங்கன்னு தெரியாம எத்தனை மெயில் எழுதினாலும் அது நச்சரிப்பாத்தான் இருக்கும்.

அதை தெரிஞ்சிக்க பெரிய சர்வே எல்லாம் எடுக்கல. பழைய மெயிலுக்கு வந்த ரிப்ளை எல்லாத்தையும் உக்காந்து படிச்சேன் (நல்லவேளை noreply ஐடில இருந்து அனுப்பல, ரிப்ளை எல்லாம் யாரும் திறக்காத ஒரு இன்பாக்ஸ்ல குவிஞ்சு கிடந்துச்சு), கடையோட வாட்ஸ்அப்ல "சேலை பாத்தேன் ஆனா" அப்படின்னு ஆரம்பிக்கிற கேள்விகளை எல்லாம் எடுத்தேன், ஷாப்பிஃபைல Abandoned checkouts பக்கத்துல ஒவ்வொண்ணா திறந்து பேமென்ட் ட்ரை பண்ணி ஃபெயில் ஆனதா, இல்ல அதுக்கு முன்னாடியே நின்னதான்னு பாத்தேன். காரணங்கள் நாலுதான் திரும்ப திரும்ப வந்துச்சு. யுபிஐ பேமென்ட் பாதில நின்னது. ஷிப்பிங் சார்ஜ் கடைசி பக்கத்துல திடீர்னு சேர்ந்தது. கலர், சாயம், பிளவுஸ் பத்தின சந்தேகம். அப்புறம் "சம்பளம் வரட்டும்".

இதுல ஷிப்பிங் விஷயத்தை மெயில்ல தீர்க்கவே கூடாதுங்கறது என் கருத்து. உலகம் முழுக்கவே செக்அவுட்ல ஆள் போறதுக்கு முதல் காரணமா கடைசில சேர்ற செலவைத்தான் ஆன்லைன் கடைகளை ஆராயுற பேமார்ட் இன்ஸ்டிட்யூட் ஆய்வுகள்ல சொல்றாங்க. 1,450 ரூபாய் சேலைன்னு நினைச்சு வந்தவங்களுக்கு கடைசில 1,540ன்னு காட்டிட்டு, அப்புறம் மெயில்ல 5% தள்ளுபடி குடுத்து சமாதானம் பண்றது சுத்தி வளைக்கிற வேலை. சேலை பக்கத்துலயே விலைக்கு கீழ "தமிழ்நாட்டுக்குள்ள ஷிப்பிங் 90 ரூபாய், ரெண்டு சேலைக்கு மேல இலவசம்"னு ஒரு வரி போட சொன்னேன், அதோட மெயில்ல தீர்க்க வேண்டிய காரணங்கள்ல இருந்து அதை எடுத்துட்டேன்.

அடுத்து யாருக்கு போகக் கூடாதுங்கறது. இதுக்குத்தான் ரொம்ப நேரம் செலவு பண்ணேன், ஏன்னா நச்சரிப்புன்னு ஜனங்க சொல்றது பெரும்பாலும் மெயில் எண்ணிக்கையை இல்ல, சம்பந்தமில்லாத நேரத்துல வர்றதைத்தான்.

பழைய சீக்வென்ஸ்ல ஆர்டர் போட்டவங்களை வெளிய எடுக்குற ஃபில்டரே இல்ல. க்ளேவியோல இந்த மாதிரி தானா ஓடுற மெயில் வரிசைக்கு ஃப்ளோன்னு பேரு, அதோட ஃபில்டர்ல இந்த ஒரு வரி இருக்கணும்:

```
Placed Order zero times since starting this flow
```

இது ஒவ்வொரு மெயிலும் கிளம்புறதுக்கு முன்னாடி செக் ஆகும், அதனால முதல் மெயிலுக்கு அப்புறம் வாங்கினவங்களுக்கு ரெண்டாவது போகாது. ஆனா இதை மட்டும் போட்டா அக்காவோட புகார் முழுசா தீராது. யுபிஐல என்ன நடக்குதுன்னா, கஸ்டமர் செக்அவுட்ல இருந்து போன் ஆப்புக்கு போறாங்க, பின் நம்பர் போடுறாங்க, பணம் போயிடுது, ஆனா திரும்ப பிரவுசருக்கு வர்றதுக்குள்ள நெட் போயிடும் இல்ல அவங்களே டேபை மூடிடுவாங்க. பேமென்ட் கேட்வே பக்கம் பணம் வந்தது கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் கன்ஃபர்ம் ஆகும், அது ஷாப்பிஃபைக்கு வந்து ஆர்டரா மாறுற வரைக்கும் கடை கணக்குல அவங்க "விட்டுட்டுப் போனவங்க". இந்த இடைவெளில அரை மணி நேர மெயில் போய் விழுந்தா என்ன ஆகும்? பணம் கட்டிட்டு பயந்து போய் உக்காந்திருக்கவங்ககிட்ட "மறந்துட்டீங்களா" கேக்குறோம்.

அதனால முதல் மெயிலை ஒரு மணி நேரத்துக்கு தள்ளினேன். சீக்கிரம் அனுப்பினா சூடா இருக்கும்போதே புடிக்கலாம்னு ஒரு வாதம் இருக்கு, இந்த மாதிரி கடைக்கு எனக்கு அதுல நம்பிக்கை இல்ல. ஷாப்பிஃபையே கான்டாக்ட் குடுத்துட்டு 10 நிமிஷத்துக்குள்ள முடிக்காத செக்அவுட்டை அபாண்டன்ட்னு கணக்குல சேத்துடும், ஆனா பத்து நிமிஷம்ங்கறது வீட்ல யாரையாவது கூப்பிட்டு "இந்த கலர் நல்லா இருக்கா"ன்னு கேக்குற நேரம்தானே.

இன்னும் மூணு தடை போட்டேன். சேலை ஸ்டாக் தீந்துட்டா அதுக்கு மெயில் கிடையாது, ஏன்னா கைத்தறில ஒரு கலர்ல ஒண்ணு ரெண்டு பீஸ்தான் இருக்கும், வித்து போன சேலைக்கு ஞாபகப்படுத்துற மாதிரி எரிச்சல் வேற இல்ல. ஒருத்தர் ஒரு தடவை இந்த சீக்வென்ஸ்குள்ள வந்துட்டா 30 நாளைக்கு திரும்ப நுழைய முடியாது, பழசுல இது இல்லாததால ராத்திரி மூணு சேலையை மாத்தி மாத்தி செக்அவுட் பண்ணி பாத்தவங்களுக்கு மூணு சீக்வென்ஸ் ஒண்ணு மேல ஒண்ணா ஓடியிருக்கு. மூணாவது, ராத்திரி ஒன்பதரைல இருந்து காலைல எட்டு வரைக்கும் எதுவும் போகாது, அந்த நேரத்துல விழ வேண்டியது காலைல போகும். கார்ட்ல போட்டுட்டு செக்அவுட் பக்கமே வராதவங்க இருக்காங்கல்ல, அவங்களை இந்த சீக்வென்ஸ்ல சேக்கவே இல்ல. அவங்க வேடிக்கை பாக்க வந்தவங்க, அவங்க பாட்டுக்கு பாக்கட்டும்.

இப்ப மெயிலுக்கு வருவோம். முதல் மெயில், ஒரு மணி நேரத்துல. இதோட வேலை பேமென்ட் சிக்கல்ல மாட்டினவங்களுக்கு உதவுறது மட்டும்தான். அதுல இருக்கறது கிட்டத்தட்ட இதுதான்:

"அரக்கு கலர் கண்டாங்கி, மஞ்சள் பார்டர். சேலை 1,450 + ஷிப்பிங் 90 = 1,540 ரூபாய். நீங்க நிரப்பின அட்ரஸ் அப்படியே இருக்கு, விட்ட இடத்துல இருந்து தொடர இந்த பட்டனை அழுத்துங்க. பணம் கட்டும்போது ஏதாவது தடங்கல் ஆச்சா? அக்கவுன்ட்ல பணம் எடுத்துட்டு ஆர்டர் நம்பர் வரலைன்னா தயவுசெஞ்சு மறுபடி கட்டாதீங்க. இந்த மெயிலுக்கே ரிப்ளை பண்ணி, பணம் கட்டினதுக்கான யுடிஆர் நம்பரை அனுப்புங்க, நாங்க பாத்து சொல்றோம். எங்களுக்கு வந்து சேரலைன்னா பணம் 5 நாளுக்குள்ள உங்க அக்கவுன்ட்டுக்கே திரும்பிடும்."

அந்த 5 நாள் சும்மா வாய்க்கு வந்ததை சொல்றது இல்ல. யுபிஐல பணம் கட்டாகி கடைக்கு கன்ஃபர்மேஷன் வராம போனா, கட்டின நாள்ல இருந்து 5 நாளுக்குள்ள தானா திரும்பணும், தாண்டினா நாளுக்கு 100 ரூபாய் நஷ்ட ஈடுன்னு 2019ல ஆர்பிஐ போட்ட விதி இருக்கு. நிறைய பேருக்கு இது தெரியாது, அதனால பயத்துல ரெண்டாவது தடவை கட்டிடுறாங்க, அப்புறம் ரீஃபண்டுக்கு நம்மளையே துரத்துறாங்க. "மறுபடி கட்டாதீங்க"ன்னு ஒரு விக்கிற மெயில்ல எழுதுறதுக்கு அக்காவுக்கு முதல்ல தயக்கம்தான். ஆனா இந்த வரிக்குத்தான் அதிகமா ரிப்ளை வருது, அதுல நிறைய யுடிஆர் நம்பர்தான், போன்ல வந்த புகார் எல்லாம் இப்ப இங்க வந்து அமைதியா முடியுது.

இன்னொரு சின்ன விஷயம், மெயில் கடைசில "வேற ஐடிலயோ போன்லயோ ஏற்கனவே வாங்கிட்டீங்கன்னா இதை விட்டுடுங்க"ன்னு ஒரு வரி. ஃபில்டர் மெயில் ஐடியை வச்சுத்தான் வேலை செய்யுது. மனைவி சேலையை தேர்ந்தெடுத்து செக்அவுட் வரைக்கும் போவாங்க, கணவர் தன் போன்ல தன் ஐடில பணம் கட்டுவார், சிஸ்டத்துக்கு அது ரெண்டு பேர். இதை முழுசா அடைக்க எனக்கு வழி கிடைக்கல. வாட்ஸ்அப்ல வர்ற ஆர்டரை நாங்களே ஷாப்பிஃபைல ட்ராஃப்ட் ஆர்டரா போடும்போது கஸ்டமர் செக்அவுட்ல குடுத்த அதே மெயில் ஐடியை தேடி போடணும்னு கடைல பேக்கிங் பாக்குற பொண்ணுகிட்ட சொல்லி வச்சிருக்கேன், அந்த அளவுக்கு குறையும்.

ரெண்டாவது மெயில் மறுநாள், 24 மணி நேரம் கழிச்சு. இது சந்தேகத்துல நின்னவங்களுக்கு. இதுல "இன்னும் யோசிக்கிறீங்களா" மாதிரி ஒரு வார்த்தை கூட கிடையாது, வாட்ஸ்அப்ல ஜனங்க கேட்ட கேள்விக்கு பதில் மட்டும். போட்டோல இருக்க அரக்கும் நேர்ல இருக்க அரக்கும் ஒண்ணா? வாசல் வெளிச்சத்துல மேக்கப் லைட் இல்லாம எடுத்த ஒரு போட்டோ. சாயம் போகுமா? முதல் ரெண்டு மூணு துவையல்ல கொஞ்சம் போகும், தனியா பச்சைத் தண்ணில கல் உப்பு போட்டு அலசுங்க, மத்த துணியோட ஊற வைக்காதீங்க. பிளவுஸ் இருக்கா? இந்த சேலைக்கு கிடையாது, நீளம் ஐந்தரை மீட்டர், மேட்சிங் துணி தனியா வேணும்னா இங்க இருக்கு. திருப்பி அனுப்பலாமா? கட்டாம, துவைக்காம இருந்தா 7 நாளுக்குள்ள.

கவனிச்சீங்கன்னா இதுல ரெண்டு பதில் விக்கிறதுக்கு பாதகமானது. சாயம் போகும்னு சொல்றோம், பிளவுஸ் இல்லைன்னு சொல்றோம். அதை மறைச்சு வித்தா சேலை ரிட்டன்ல வருது, கூரியர் செலவு ரெண்டு பக்கமும் நம்ம தலைல. வாங்காம போறவங்க இந்த மெயில்லயே போயிடட்டும்னு அக்காவும் ஒத்துக்கிட்டாங்க.

ஒரே மெயில்ல எல்லா சேலைக்கும் பொதுவா பதில் எழுதுறது சுலபம், ஆனா பிளவுஸ் உள்ள சேலைக்கு "பிளவுஸ் கிடையாது"ன்னு போனா அவ்வளவுதான். சேலைக்கு டேக் போட்டு (பிளவுஸ் உண்டு, இல்லை) அதை வச்சு மெயில்குள்ள அந்த பகுதி மட்டும் மாறுற மாதிரி பண்ணேன். டேக் இல்லாத சேலைக்கு அந்த கேள்வியே வராது. தப்பா சொல்றதுக்கு சொல்லாம இருக்கலாம்.

மூணாவது மெயில் நாலாவது நாள். இதுதான் கடைசின்னு அதுலயே சொல்லிடுறோம்: "இந்த சேலை பத்தி இனிமே மெயில் வராது." சொன்னபடி வராது. கீழ ரெண்டு பட்டன். ஒண்ணு "எடுத்துக்கிறேன்". இன்னொண்ணு "ஒண்ணாம் தேதி ஞாபகப்படுத்துங்க".

இந்த ரெண்டாவது பட்டன் எங்க இருந்து வந்துச்சுன்னா, பழைய ரிப்ளைல "சம்பளம் வந்ததும் வாங்கிக்கிறேன் மேடம், தினமும் அனுப்பாதீங்க"ன்னு ஒருத்தங்க எழுதியிருந்தாங்க, அதே அர்த்தத்துல இன்னும் சிலர். மாசக் கடைசில செக்அவுட் வரைக்கும் வந்து நிக்கிறவங்களுக்கு 20ம் தேதில இருந்து 25ம் தேதி வரைக்கும் எத்தனை மெயில் போட்டாலும் பர்ஸ்ல இல்லாத பணம் வந்துடாது. அவங்களே கேட்ட தேதில ஒரே ஒரு மெயில் போனா அது ஞாபகப்படுத்துறது, அதுக்கு முன்னாடி போறது எல்லாம் தொந்தரவு.

செட்டிங் இப்படி. பட்டனை அழுத்தினா கடை சைட்ல ஒரு சின்ன பக்கம் திறக்கும், அதுல "சரி, ஞாபகப்படுத்துங்க"ன்னு இன்னொரு பட்டன், அதை அழுத்தினாத்தான் க்ளேவியோ ப்ரொஃபைல்ல அடுத்த மாசம் ஒண்ணாம் தேதி பதிவாகும், அந்த தேதியை வச்சு தனியா ஒரு ஃப்ளோ ஓடும். மெயில்ல இருக்க லிங்க்கை தொட்ட உடனே பதிவாகுற மாதிரி வைக்காதீங்க. ஆபீஸ் மெயில் ஐடிகளுக்கு முன்னாடி உக்காந்திருக்கிற செக்யூரிட்டி ஸ்கேனர், மெயில்ல இருக்க எல்லா லிங்க்கையும் தானே திறந்து பாக்கும், கேக்காதவங்க பேர்ல எல்லாம் ஞாபகம் பதிவாகி ஒண்ணாம் தேதி போய் நிக்கும். அனுப்பின சில செகண்டுக்குள்ள ஒரே ஆள் எல்லா லிங்க்கையும் க்ளிக் பண்ணின மாதிரி தெரிஞ்சா அது ஸ்கேனர்தான்.

கூப்பன் எல்லாத்தையும் எடுத்துட்டேன். அக்காவுக்கு இதுலதான் ரொம்ப தயக்கம், நியாயம்தான், கூப்பன் மெயில்லதான் ஆர்டர் அதிகமா தெரிஞ்சுது. ஆனா அந்த ஆர்டர்களை திறந்து பாத்தா ஏற்கனவே ரெண்டு மூணு தடவை வாங்கின பழைய கஸ்டமர்ஸ் நிறைய பேர், ஒவ்வொரு தடவையும் செக்அவுட்ல நிறுத்திட்டு 10% வர்ற வரைக்கும் காத்திருந்து வாங்கியிருக்காங்க. அவங்களை குறை சொல்ல முடியாது, நாமதான் பழக்கி வச்சிருக்கோம். டைமரையும் தூக்கியாச்சு. அது ரசனை சம்பந்தப்பட்டது மட்டும் இல்ல. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர்ல டார்க் பேட்டர்ன், அதாவது வாங்குறவங்களை ஏமாத்துற டிசைன் தந்திரங்கள் பத்தி வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கு, அதுல இருக்க 13 வகைல பொய்யான அவசரம் ஒண்ணு, நச்சரிப்பு இன்னொண்ணு. திறக்கும்போதெல்லாம் முதல்ல இருந்து ஓடுற டைமர் பொய்யான அவசரம்தான், வேற என்ன?

பலன் எப்படி பாக்குறதுங்கறதுல ஒரு விஷயம் சொல்லணும். ஓபன் ரேட்டை நம்பாதீங்க, 2021ல ஆப்பிள் மெயில் ப்ரைவசி ப்ரொடெக்ஷன் வந்ததுக்கு அப்புறம் ஐபோன்ல ஆப்பிள் மெயில் வச்சிருக்கவங்க திறக்காமலே திறந்த மாதிரி காட்டும். மெயில் டூல் காட்டுற "இந்த ஃப்ளோ சம்பாதிச்ச பணம்"ங்கற நம்பரையும் அப்படியே எடுத்துக்காதீங்க, ஏன்னா மெயிலே போகலைன்னாலும் திரும்பி வந்து வாங்கியிருக்கவங்க அதுல இருப்பாங்க. ஃப்ளோ ஆரம்பத்துலயே கண்டிஷனல் ஸ்ப்ளிட்ல Random sample வச்சு பத்துல ஒருத்தருக்கு மெயிலே போகாம விட்டேன். அவங்க எத்தனை பேர் தானா வந்து வாங்குறாங்க, மெயில் போனவங்கள்ல எத்தனை பேர்னு ஒப்பிட்டாத்தான் மெயிலோட உண்மையான பங்கு தெரியும். சின்ன கடைக்கு ஒரு வாரத்துல இது எதுவும் சொல்லாது, ரெண்டு மூணு ஆர்டர் வித்தியாசம் எல்லாம் அதிர்ஷ்டம்தான், மாசக்கணக்கா ஓட விடணும். அதுவரைக்கும் நான் பாக்குறது ஒவ்வொரு மெயிலுக்கும் தனித்தனியா அன்சப்ஸ்க்ரைபும் ஸ்பேம் ரிப்போர்ட்டும். பழைய சீக்வென்ஸ்ல நாலாவது மெயில்ல இருந்து அன்சப்ஸ்க்ரைப் ஏறிட்டே போச்சு, கூப்பன் இல்லாத கடைசி ரெண்டுல ஆர்டர் பேருக்குத்தான். ஜிமெயில் தன் வழிகாட்டுதல்ல ஸ்பேம் ரேட்டை 0.1%க்கு கீழ வைக்கணும், 0.3%ஐ தொடவே கூடாதுன்னு சொல்லுது, தாண்டினா கார்ட் மெயில் மட்டும் இல்ல, ஆர்டர் கன்ஃபர்மேஷன் கூட ஸ்பேம்ல போய் விழ ஆரம்பிக்கலாம், அதுவும் அதே டொமைன்ல இருந்துதானே போகுது.

இதை வாட்ஸ்அப்லயும் அப்படியே அனுப்பலாமான்னு அக்கா கேட்டாங்க. ரெண்டுலயும் ஒரே ஆளுக்கு போனா மூணு மெயில் ஆறு தொந்தரவா மாறிடும், அதனால மெயில் ஐடி குடுக்காம போன் நம்பர் மட்டும் குடுத்து, மெசேஜ் அனுப்ப சம்மதமும் சொன்னவங்களுக்கு முதல் மெசேஜ் மட்டும் வாட்ஸ்அப்ல போகுது. மத்த ரெண்டும் கிடையாது.

தீபாவளி சமயத்துல மட்டும் ஒரு மாற்றம் பண்றோம். அப்ப கடை பொதுவா அனுப்புற ஆஃபர் மெயில் வேற வாரத்துக்கு ரெண்டு மூணு போகும், அதோட இதுவும் சேர்ந்தா இன்பாக்ஸ் ரொம்பிடும். க்ளேவியோல Smart Sendingனு ஒண்ணு இருக்கு, கடைசி 16 மணி நேரத்துல ஏதாவது மெயில் போயிருந்தா அடுத்ததை விட்டுடும். தள்ளி வைக்காது, அந்த மெயில் அந்த ஆளுக்கு போகவே போகாது, இதை கவனிக்காம எல்லா மெயிலுக்கும் ஆன் பண்ணி வச்சா காலைல ஆஃபர் மெயில் போனவங்களுக்கு மதியம் பேமென்ட் மாட்டினப்ப உதவி மெயில் போகாது. அதனால முதல் மெயிலுக்கு அதை ஆஃப்ல வச்சிருக்கேன், ரெண்டாவதுக்கும் மூணாவதுக்கும் ஆன். பண்டிகைக்கு முந்தின ரெண்டு வாரம் மூணாவது மெயிலை முழுசாவே நிறுத்திடுவோம், நாலு நாள் கழிச்சு அனுப்பினா கூரியர் தீபாவளிக்குள்ள போய் சேராது. அந்த ரெண்டு வாரமும் ரெண்டாவது மெயில்ல மேல ஒரே ஒரு வரி கூடுதலா இருக்கும், எந்த தேதிக்குள்ள ஆர்டர் போட்டா எந்த ஊருக்கு பண்டிகைக்கு முன்னாடி வந்து சேரும்னு. அந்த தேதியை கூரியர்காரங்ககிட்ட கேட்டுட்டு அக்காவே கைப்பட மாத்துவாங்க.